டிகிரி முடிக்கல, ரெஸ்யூமேல அந்த ஒரு வரியை எப்படி எழுதுறது?

"அக்கா, எனக்கு சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். 2015-ல ஒரு அண்ணா யூனிவர்சிட்டி அஃபிலியேட்டட் காலேஜ்ல பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேந்தேன். ஆறாவது செமஸ்டர் எழுதுற சமயத்துல அப்பாவுக்கு கிட்னி ஃபெயிலியர், 2018-ல நிறுத்திட்டேன். நாலு அரியர் அப்படியே நிக்குது. 2019 ஜனவரியிலருந்து பொம்மனஹள்ளியில ஒரு சின்ன கம்பெனியில அப்ளிகேஷன் சப்போர்ட் பாக்குறேன். இப்ப எலக்ட்ரானிக் சிட்டியில ஒரு பெரிய கம்பெனிக்கு கன்சல்டன்சி மூலமா ப்ரொஃபைல் போகுது. அவங்க, 'பி.இ. 2015–2019ன்னு மட்டும் போடுங்க, பாஸ்னு எங்கயும் எழுதலையே, பொய் இல்லையே'ன்றாங்க. இல்லன்னா பர்சூயிங்னு போடச் சொல்றாங்க. ரூம்மேட் அந்த வரியையே எடுத்துருடாங்கிறான். கம்பெனி போர்ட்டல்ல இயர் ஆஃப் பாசிங் போடாம அடுத்த பக்கம் போகவே மாட்டேங்குது. மறைக்கிற மாதிரியும் தெரியக்கூடாது, வாசல்லயே ரிஜெக்டும் ஆகக்கூடாது, என்ன எழுதட்டும்?"
— மடிவாளாவிலிருந்து ஒரு வாசகர்

தம்பி, முதல்ல அந்த 2015–2019ஐ எடுத்துருங்க. பாஸ்னு எழுதலதான், ஆனா நாலு வருஷ கோர்ஸுக்கு நேரா சரியா நாலு வருஷம் போட்டா பாக்குற எவனும் பாஸ்னுதான் படிப்பான், அப்படி படிக்கணும்னுதான் கன்சல்டன்சிக்காரங்களும் போடச் சொல்றாங்க. அதுல இன்னொரு சிக்கல் இருக்கு, அவங்க கவனிக்கல. உங்க வேலை 2019 ஜனவரியில ஆரம்பிக்குது. ரெஸ்யூமே பாக்குற எச்ஆர் பொண்ணு முதல்ல தேதியைத்தான் ஒட்டிப் பாப்பா. 2019-ல முடிஞ்ச பி.இ.ன்னா எட்டாவது செமஸ்டர் ஏப்ரல், மே வரைக்கும் ஓடியிருக்கணும், அப்ப ஜனவரியில பெங்களூர்ல ஃபுல்டைம் வேலையில எப்படி உக்காந்தீங்க? உங்க கம்பெனியில பிஎஃப் பிடிச்சிருந்தா அந்த சேர்ந்த தேதி உங்க யூஏஎன் சர்வீஸ் ஹிஸ்டரியில அப்படியே நிக்கும், அதை நீங்க நினைச்சபடி மாத்தவும் முடியாது. டிகிரி இல்லாதது ஒரு குறை அவ்வளவுதான், ஆனா இப்படி தேதி இடிச்சா ஆளே சரியில்லையோன்னு யோசிக்க வச்சிரும். அதுக்கப்புறம் நீங்க அப்பா கதையைச் சொன்னாலும் அது சாக்கு மாதிரிதான் கேக்கும்.

பர்சூயிங் இன்னும் மோசம். பர்சூயிங்னா இன்னைக்கு தேதிக்கு ஏதோ ஒரு யூனிவர்சிட்டி ரெஜிஸ்டர்ல உங்க பேரு நடப்புல இருக்கணும். உங்க பேட்ச்சுக்கு பி.இ. முடிக்க அதிகபட்சம் பதினாலு செமஸ்டர், அதாவது ஏழு வருஷம், 2015-ல சேந்தவருக்கு அது 2022-லயே முடிஞ்சு போச்சு. நடுவுல அண்ணா யூனிவர்சிட்டி பழைய அரியர்காரங்களுக்கு ஸ்பெஷல் சான்ஸ் அறிவிச்சிருக்கு, ஆனா அது அரியர் எழுதுறதுக்கு, உங்களுக்கு ஏழாவது எட்டாவது செமஸ்டர் உக்காரவே இல்லையே, நாலு அரியரை இப்ப கிளியர் பண்ணாலும் டிகிரி வராது. இதையெல்லாம் இன்டர்வியூல கேக்க மாட்டாங்க, "எப்ப முடிப்பீங்க?"ன்னு ஒரே கேள்விதான் வரும், அதுக்கு உங்ககிட்ட பதில் இல்ல. நாளைக்கு இக்னோவுலயோ வேற எங்கயோ பிசிஏ சேந்து என்ரோல்மென்ட் நம்பர் கையில வந்துச்சுன்னா அந்த பிசிஏவுக்கு பர்சூயிங் போடுங்க, தாராளமா போடலாம். அப்பவும் பழைய பி.இ. அதோட ஒட்டாம தனி வரியா நிக்கட்டும்.

ரூம்மேட் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. ரெஸ்யூமேல முடிச்ச படிப்பை மட்டும் போடுறது பொய்யில்ல, பத்து பன்னெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் உள்ளவங்க அப்படி எடுத்துடுறாங்க, யாரும் கேக்குறதும் இல்ல. ஆனா உங்க கேஸ்ல அதை எடுத்தா 2015 ப்ளஸ் டூ, அடுத்தது 2019 வேலை, நடுவுல மூணரை வருஷம் வெத்தா நிக்கும். அது என்னன்னு கண்டிப்பா கேப்பாங்க, அப்ப "காலேஜ் போனேன், நிறுத்திட்டேன்"னு வாய்ல சொல்லும்போது முன்னாடியே எழுதியிருக்கலாமேன்னு தோணும். இன்னொண்ணு, ஆறு செமஸ்டர்ல நீங்க டேட்டாபேஸும் நெட்வொர்க்கும் படிச்சிருக்கீங்க, சப்போர்ட் வேலைக்கு அது ஒத்து வருது, அதை எதுக்கு சும்மா தூக்கிப் போடணும்.

அதனால வரி இருக்கட்டும், ரெஸ்யூமே கடைசியில எஜுகேஷன் பகுதியில, வேலை விவரமெல்லாம் முடிஞ்சதுக்கு கீழ. எழுத வேண்டியது இவ்வளவுதான்: பி.இ., கம்ப்யூட்டர் சயின்ஸ், காலேஜ் பேரு, 2015–2018, அட்டெண்டட் சிக்ஸ் செமஸ்டர்ஸ், டிகிரி நாட் அவார்டட். அதுக்கு கீழ ப்ளஸ் டூ, ஸ்கூல் பேரு, 2015, மார்க். முடிஞ்சது.

அட்டெண்டட்னுதான் போடணும், கம்ப்ளீட்டட்னு போடாதீங்க. நிறைய பேரு இங்க வழுக்குவாங்க. நாலு அரியர் நிக்கும்போது ஆறு செமஸ்டர் கம்ப்ளீட்டட்னு எழுதினா, கிரேடு ஷீட்டை எடுத்துப் பாக்குறவன் கண்ணுல அந்த பாஸ் ஆகாத பேப்பரெல்லாம் விழும், உண்மையைச் சொல்ல வந்த வரியே பொய்யாப் போயிரும். அதுக்காக அரியர் எத்தனைன்னு ரெஸ்யூமேல எழுதணும்னு அவசியமில்ல, கேட்டா சொல்லுங்க. சிஜிபிஏ போடாதீங்க, முடியாத கோர்ஸுக்கு சிஜிபிஏ போட்டா அது முடிஞ்ச கோர்ஸ் மாதிரி வேஷம் போடும். காரணமும் எழுதாதீங்க. "ட்யூ டு ஃபேமிலி சர்கம்ஸ்டன்சஸ்"னு அடைப்புக்குள்ள போட்டு நான் எக்கச்சக்க ரெஸ்யூமே பாத்திருக்கேன், அந்த ஒரு அடைப்புதான் கண்ணை இழுக்கும், மத்த நல்ல விஷயமெல்லாம் பின்னாடி போயிரும். டிஸ்கன்டின்யூட்னு போட்டாலும் தப்பில்ல, ஆனா டிகிரி நாட் அவார்டட்னு நேரா சொல்றது எனக்குப் பிடிக்கும், அதுக்கு மேல ஒருத்தரும் ஊகிக்க ஒண்ணும் இருக்காது.

2018ன்னு ஏன் சொல்றேன்னா நீங்க கிளாஸ்ல உக்காந்த கடைசி செமஸ்டர் அது. அதுக்கப்புறம் நவம்பர்ல போய் ஒண்ணு ரெண்டு அரியர் எழுதியிருக்கலாம், டிசி ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கியிருக்கலாம், அதையெல்லாம் வச்சு வருஷத்தை நீட்டாதீங்க. லிங்க்ட்இன்ல முடிவு வருஷம்னு ஒரு பெட்டி இருக்கு பாருங்க, காலேஜ் சேந்த புதுசுல ப்ரொஃபைல் போட்டவங்க எல்லாரும் அதுல எக்ஸ்பெக்டட் வருஷத்தைப் போட்டு மறந்திருப்பாங்க, உங்களுதுலயும் 2019 கிடக்கும்னு நினைக்கிறேன், போய் மாத்துங்க. நௌக்ரியிலயும் அதேதான். ரெக்ரூட்டர் மூணையும் பக்கத்து பக்கத்து டேப்ல திறந்து வச்சுதான் பாப்பான்.

இப்ப அந்த போர்ட்டலுக்கு வர்றேன், நீங்க ரெஸ்யூமேயை நினைச்சு பயப்படுறீங்க, ஆனா ஆளைக் கவுக்குறது ஃபார்ம்தான். எப்படின்னு ஒரு கேஸ் சொல்றேன்.

ஓசூர்லருந்து டெய்லி அத்திப்பள்ளி தாண்டி பஸ்ல வந்துட்டிருந்த ஒரு பொண்ணு, கேஸ் கிட்டத்தட்ட உங்களுது மாதிரிதான், மூணாவது வருஷத்துல நின்னது. நல்லா வேலை தெரிஞ்ச பொண்ணு. பேனல் இன்டர்வியூல டிகிரி இல்லன்னு வாய்விட்டு சொல்லிருச்சு, மேனேஜரும் பரவால்லம்மான்னுட்டாரு. ஆஃபர் வந்துச்சு, ஜாயின் பண்ணிருச்சு. ஆனா ஆரம்பத்துல போர்ட்டல்ல ஹையஸ்ட் குவாலிஃபிகேஷன்ல பி.இ.ன்னு செலக்ட் பண்ணி, இயர் ஆஃப் பாசிங் விடாம கேட்டதால ஏதோ ஒரு வருஷத்தைத் தட்டி விட்டிருக்கு, பெட்டி நிரம்பினா போதும்னு. கொஞ்ச நாள் கழிச்சு பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், அதாவது பிஜிவி ரிப்போர்ட் எஜுகேஷன் செக்ல சிவப்புல வந்துருச்சு. ஏன்னா வெரிஃபிகேஷன் ஏஜென்சியில உக்காந்திருக்கறவனுக்கு இன்டர்வியூல யாரு என்ன சொன்னாங்கன்னு தெரியாது, மேனேஜர் யாருன்னும் தெரியாது. அவன் கையில இருக்குறது ஃபார்ம்ல நீங்க எழுதினது, யூனிவர்சிட்டி திருப்பி எழுதினது, ரெண்டே காகிதம். ஒண்ணுல பி.இ. பாஸ், இன்னொண்ணுல இந்த ரெஜிஸ்டர் நம்பருக்கு டிகிரி கொடுக்கலன்னு இருக்கு. மேஜர் டிஸ்க்ரிபன்சி, அவ்வளவுதான், அவன் வேலை முடிஞ்சது. ஃபார்ம் கடைசியில "மேலே கொடுத்ததெல்லாம் உண்மை, தப்புன்னா வேலையை விட்டு எடுக்கலாம்"ங்கிற டிக்கையும் அந்தப் பொண்ணு போட்டிருக்கு. மேனேஜர் ஞாபகம் வச்சிருந்து சப்போர்ட் பண்ணப் பாத்தாரு, ஆனா வாயால சொன்னதுக்கு எங்க ரெக்கார்ட் இருக்கு? வேலை போச்சு. அந்தப் பொண்ணு மறைக்கவே இல்ல, அதுதான் எனக்கு இன்னைக்கும் வயித்தெரிச்சல்.

அதனால நீங்க ஃபார்ம்ல ஹையஸ்ட் குவாலிஃபிகேஷன்னு கேக்குற இடத்துல ப்ளஸ் டூ போடுங்க. எச்எஸ்சின்னோ டுவெல்த்னோ ட்ராப்டவுன்ல இருக்கும், பாசிங் இயர் 2015, உங்க பர்சன்டேஜ், மார்க்ஷீட்டை அப்லோட் பண்ணுங்க. கை கூசும், தெரியும், ஏழெட்டு வருஷம் வேலை பாத்துட்டு ப்ளஸ் டூன்னு போடுறதான்னு. ஆனா பிஜிவி செக் பண்றது பெரும்பாலும் அந்த ஹையஸ்ட் பெட்டியைத்தான், அதுல என்ன போட்டீங்களோ அது போர்டுல ஒத்து வந்தா பச்சை. பி.இ.யை அதர் குவாலிஃபிகேஷன், அடிஷனல் இன்ஃபர்மேஷன், ரிமார்க்ஸ்னு எங்கயாவது டைப் பண்ற பெட்டி இருக்கும், அங்க ரெஸ்யூமேல எழுதின அதே வரியை காப்பி பேஸ்ட் பண்ணுங்க, ஒரு வார்த்தை மாத்தாம. டிப்ளமோ முடிச்சு லேட்டரல்ல பி.இ. சேந்து நின்னவங்க இதைப் படிச்சா, உங்க ஹையஸ்ட் அந்த டிப்ளமோதான், ப்ளஸ் டூவுக்கு இறங்க வேண்டியதில்ல.

சில போர்ட்டல்ல ட்ராப்டவுன் கிராஜுவேட்லருந்துதான் ஆரம்பிக்கும், ப்ளஸ் டூவே இருக்காது. அங்க வருஷத்தைத் தட்டி விட்டு முன்னாடி போகாதீங்க. அந்த ஸ்கிரீனை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரெக்ரூட்டருக்கு மெயில் போடுங்க, வாட்ஸப் வேண்டாம், மெயில்தான். இங்கிலீஷ்ல நாலு வரி போதும், விஷயம் இதுதான்: நான் பி.இ. ஆறு செமஸ்டர் வரைக்கும் படிச்சேன், டிகிரி வாங்கல, முடிச்ச படிப்பு ப்ளஸ் டூ. உங்க போர்ட்டல்ல அதுக்கு ஆப்ஷன் இல்ல, இயர் ஆஃப் பாசிங் கட்டாயமா கேக்குது. எதை செலக்ட் பண்ணணும்னு சொல்லுங்க, இந்த ரோலுக்கு டிகிரி கட்டாயம்னா அதையும் சொல்லிருங்க. அவங்க "சும்மா பி.இ. போட்டு 2019 போடுங்க, நாங்க பாத்துக்கறோம்"னு ஃபோன்ல சொன்னா, சரிங்க, அதை மெயில்ல ஒரு வரி அனுப்பிருங்கன்னு கேளுங்க. பாதி பேரு அனுப்ப மாட்டாங்க, அப்பவே உங்களுக்கு தெரிஞ்சிரும். ஆஃபருக்கு அப்புறம் பிஜிவிக்குன்னு தனி ஃபார்ம் ஒண்ணு வரும், ஏஜென்சி லிங்க்ல, அதுலயும் இதே பதில்தான். சில ஃபார்ம்ல முடிச்சதும் முடிக்காததும் சேத்து படிச்ச எல்லா இடத்தையும் எழுதுன்னு கேப்பான், அங்க பி.இ.யை விடவே கூடாது, கம்ப்ளீட்டடா எஸ் ஆர் நோன்னு இருந்தா நோ.

பேப்பர் என்னென்ன கையில இருக்குன்னு நீங்க எழுதல. ஆறு செமஸ்டர் கிரேடு ஷீட்டும் டிசியும் வேணும், பாதியில நின்னவங்க நிறைய பேரு பாக்கி ஃபீஸுக்கு பயந்து காலேஜ் பக்கமே போகாம இருப்பாங்க. உங்க பத்தாவது, ப்ளஸ் டூ ஒரிஜினலை காலேஜ் இன்னும் வச்சிருந்தா அதைத்தான் முதல்ல மீட்கணும், ஏன்னா இப்ப உங்க ஹையஸ்ட் குவாலிஃபிகேஷனே அந்த ப்ளஸ் டூதான். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை காலேஜ் பிடிச்சு வைக்கக்கூடாதுன்னு யுஜிசி 2018-லயே நோட்டிஃபிகேஷன் போட்டிருக்கு, ஏஐசிடிஇயும் அதையேதான் சொல்லுது. எழுத்துல கேளுங்க, நேர்ல போனா கவுன்டர்ல நாளைக்கு வான்னு திருப்பி அனுப்பிருவாங்க. டிசியில என்ன தேதி, என்ன காரணம் எழுதியிருக்குன்னு ஒரு தடவை பாத்து வச்சுக்கோங்க, டிஸ்கன்டின்யூட்னு இருந்தா நல்லது, உங்க வரிக்கு அதுவே ஆதாரம்.

இன்டர்வியூல கேட்டா ரெண்டு வாக்கியம், அதுக்கு மேல போகாதீங்க. "ஆறாவது செமஸ்டர்ல அப்பாவுக்கு கிட்னி ஃபெயிலியர் ஆச்சு சார், 2018-ல நிறுத்திட்டேன், டிகிரி இல்ல. 2019 ஜனவரியிலருந்து சப்போர்ட்ல இருக்கேன்." சொல்லிட்டு வாயை மூடிக்கோங்க. இந்த இடத்துல வர்ற மௌனம் இருக்கே, அதைத் தாங்காமத்தான் நம்ம ஆளுங்க உளறுவாங்க, காலேஜ் சரியில்ல, ஸ்டாஃப் சரியில்ல, சீக்கிரம் முடிச்சிருவேன்னு. எதிர்ல இருக்கறவரு அனேகமா நோட்ஸ்ல எழுதிட்டிருப்பாரு, அவ்வளவுதான். அரியர் இருந்துச்சான்னு கேட்டா ஆமா நாலுன்னு சொல்லுங்க. இல்லன்னு சொல்லிட்டு கிரேடு ஷீட் அப்லோட் பண்ணீங்கன்னா கதை கந்தல். இப்ப ஏன் முடிக்கலன்னு கேட்டா டைம் லிமிட் தாண்டிருச்சுன்னு சொல்லுங்க, அது உண்மை, அதுக்கு மேல கேள்வியும் வராது.

எவ்வளவு சுத்தமா எழுதினாலும் சில கதவு திறக்காது, அதையும் சொல்லிடறேன். பெரிய சர்வீஸ் கம்பெனிகள்ல பல இடத்துல 15 வருஷ ஃபுல்டைம் படிப்பு இருக்கணும்னு பாலிசி, அதாவது ப்ளஸ் டூவுக்கு மேல மூணு வருஷ டிகிரி. நீங்க மூணு வருஷம் காலேஜ் போனது அதுக்கு கணக்குல வராது, டிகிரி கையில இருந்தாத்தான். சில இடத்துல கம்பெனிக்கு பரவால்ல, க்ளையன்ட் கான்ட்ராக்ட்லயே கிராஜுவேட்ஸ் மட்டும்னு இருக்கும். அமெரிக்கா எச்-1பி வேலை விசாவுக்கு பேச்சலர்ஸோ அதுக்கு சமமானதோ வேணும், அங்க மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸை ஒரு வருஷ காலேஜுக்கு சமமா எடுத்துக்குற கணக்கு ஒண்ணு இருக்குன்னாலும் அந்த தலைவலியை நிறைய கம்பெனி விரும்பாது, அதனால ஆன்சைட் அனுப்புற டீம்ல டிகிரியை இறுக்கிப் பிடிப்பாங்க. எக்செப்ஷன் அப்ரூவல்னு ஒண்ணு உண்டு, ஹையரிங் மேனேஜருக்கு உங்களை வேணும்னா எச்ஆர் ஹெட் வரைக்கும் போய் வாங்குவாரு, ஆனா அது ஆஃபர் ரிலீஸ் ஆகறதுக்கு முன்னாடி நடக்கணும். நீங்க மெயில்ல முன்னாடியே சொல்லியிருந்தாத்தான் அவருக்கு அதை வாங்கவே வழி இருக்கும். ப்ராடக்ட் கம்பெனி, ஸ்டார்ட்அப் பக்கம் இந்த இறுக்கம் குறைவு, கோரமங்களா எச்எஸ்ஆர் பக்கம் ப்ளஸ் டூவோட சப்போர்ட் லீட் ஆனவங்களை எனக்கே தெரியும்.

கடைசியா அந்த கன்சல்டன்சி. உங்க ரெஸ்யூமேயை அவங்களோட ஃபார்மட்டுக்கு மாத்தி, லோகோ போட்டு, நடுவுல எதையாவது திருத்தி அனுப்புறது இங்க சர்வசாதாரணம், உங்களுக்கு தெரியக்கூட தெரியாது. நீங்க சரியா எழுதிக் கொடுத்தாலும் கம்பெனிக்கு போனதுல 2019 இருந்தா மாட்டுறது நீங்கதான், அவங்க இல்ல. அதனால இன்னைக்கே புது வெர்ஷனை மெயில்ல அனுப்பி, "பழைய ரெஸ்யூமேல பி.இ. வருஷம் தப்பா இருந்துச்சு, இதுதான் சரி, கம்பெனிக்கு இதையே மாத்தாம அனுப்புங்க, ஏற்கனவே அனுப்பியிருந்தா ரீப்ளேஸ் பண்ணிட்டு கன்ஃபர்ம் பண்ணுங்க"ன்னு எழுதுங்க. இன்டர்வியூவுக்கு போகும்போது உங்க காப்பி ரெண்டு பிரின்ட் கையில இருக்கட்டும், உக்காந்ததும் "சார், இதுதான் என்னோட லேட்டஸ்ட் ரெஸ்யூமே"ன்னு கொடுத்துருங்க. அவர் கையில இருக்குற பேப்பர்ல 2019 இருந்துச்சுன்னா அங்கயே, அவர் கேக்குறதுக்கு முன்னாடி, அது கன்சல்டன்சியில மாறினதுன்னு சொல்லிட்டு அன்னைக்கு சாயந்தரமே ரெக்ரூட்டருக்கு அதையே மெயிலாவும் போடுங்க. கன்சல்டன்சி மாத்த மாட்டேன்னு முரண்டு பிடிச்சா அந்த ப்ரொஃபைலை வித்ட்ரா பண்ணச் சொல்லுங்க. ஒருத்தர் மூலமா போன ப்ரொஃபைல் சில மாசம் அவங்க பேர்லயே லாக் ஆகியிருக்கும், அதனால நேரா அப்ளை பண்றதுக்கு முன்னாடி கம்பெனி ரெக்ரூட்டர்கிட்ட கேட்டுட்டு பண்ணுங்க.